நாற்பதைக் கடந்தவருக்கு வரன் குறிப்பு எழுதும்போது

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மஹல்லாக்களிலிருந்து நம் அறக்கட்டளைக்கு வரும் வரன் குறிப்புகளில் ஒரு வகை மட்டும் மற்றவற்றைப் போல் இருப்பதில்லை. நாற்பது வயதைக் கடந்தும் நிக்காஹ் ஆகாதவர்களின் குறிப்பு அது. சிலவற்றில் அரைப் பக்கம் விளக்கம் இருக்கும். சிலவற்றில் விளக்கமே இருக்காது, வயதும் தெளிவாக இருக்காது. எழுதியவர்கள் வேறு வேறு குடும்பத்தினர் என்றாலும் எல்லாரும் ஒரே கேள்விக்குப் பயந்துதான் எழுதியிருக்கிறார்கள்: "ஏன் இதுவரை முடியவில்லை?"

கேட்கப்படுபவருக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. வலீமா விருந்தில் கேட்டிருப்பார்கள், மய்யித் வீட்டில் கேட்டிருப்பார்கள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் கேட்டிருப்பார். ஆகவே குறிப்பு எழுத உட்காரும்போது அத்தனை பேருக்கும் சேர்த்துப் பதில் எழுதத் தோன்றுகிறது. வரன் குறிப்பு கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். அதைப் படிக்கப்போவது வரன் பேச வரும் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குத் தேவையானது என்ன, தேவையில்லாதது என்ன என்று பிரித்து எழுதினால் "ஏன்" என்ற கேள்விக்கு ஒரு வரி போதும்.

எதைச் சொல்லலாம் என்று வகுத்தவர்

இந்தப் பிரிவினையை நாமாகச் செய்ய வேண்டியதில்லை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுவதை ஹராம் என்று விளக்கிய பின், ஒருவருடைய குறையைச் சொல்ல அனுமதி உள்ள ஆறு இடங்களைத் தனிப் பாடமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, திருமணத்துக்காக ஒருவரைப் பற்றி ஆலோசனை கேட்கப்படும் இடம். அங்கே கேட்கப்பட்டவர் விஷயத்தை மறைக்கக் கூடாது. அல்-அத்கார் என்ற நூலில் இதற்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறார்கள். "இந்தச் சம்பந்தம் உங்களுக்குப் பொருந்தாது" என்று சொன்னாலே நோக்கம் நிறைவேறிவிடும் என்றால், அதற்கு மேல் குறைகளை விவரிக்க அனுமதி இல்லை.

அந்தப் பாடத்தில் அவர்கள் ஆதாரமாகக் காட்டும் ஹதீஸ்களில் ஒன்று ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுடையது. மணவிலக்குப் பெற்று இத்தா முடிந்த அவர்களை முஆவியா (ரலி), அபூஜஹ்ம் (ரலி) இருவரும் பெண் கேட்டிருந்தார்கள். நபி (ஸல்) அவர்களிடம் அவர் யோசனை கேட்டார். முஆவியாவிடம் பொருள் இல்லை என்றும், அபூஜஹ்ம் தோளிலிருந்து கம்பை இறக்காதவர் என்றும் நபியவர்கள் சொன்னார்கள். உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி யோசனையும் சொன்னார்கள். இதில் கவனிக்க வேண்டியது, சொல்லப்பட்டவை எவை என்பது. ஒருவரிடம் குடும்பம் நடத்தப் பொருள் இல்லை, இன்னொருவரிடம் வீட்டில் நடந்துகொள்ளும் முறை சரியில்லை. இரண்டுமே அந்தப் பெண் நாளை அவரோடு வாழும்போது சந்திக்கப்போகும் விஷயங்கள். இத்தனை நாள் ஏன் இப்படி, அப்போது ஏன் அப்படி என்ற பேச்சு அதில் எங்கும் இல்லை.

இந்தப் பாடத்தை எழுதிய இமாம் நவவீ அவர்களே நிக்காஹ் செய்துகொள்ளாதவர்கள். ஹிஜ்ரி 631-இல் சிரியாவின் நவா ஊரில் பிறந்து, 676-இல் அதே ஊரில் வஃபாத்தானார்கள். மணமாகாத ஒரு மனிதர்தான் திருமண விசாரிப்பில் எதைச் சொல்லலாம் என்று நமக்கு வகுத்துத் தந்திருக்கிறார். ஸஹீஹுல் புகாரியை மக்காவில் கற்பித்த கரீமா அல்-மர்வஸிய்யா அம்மையார் அவர்களும் கடைசி வரை மணமாகாதவர்தான்.

ஆகவே குறிப்பு எழுதுவதற்கு முன்னால் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி, சம்பந்தப்பட்டவருக்கு நிக்காஹ் வேண்டுமா என்பது. நிக்காஹ்வின் சட்டம் ஆளுக்கு ஆள், நிலைக்கு நிலை மாறும் என்று ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. சிலருக்குக் கடமை, பலருக்கு சுன்னத், மனைவியின் உரிமைகளை நிறைவேற்ற இயலாதவருக்கு வெறுக்கத்தக்கது. வேண்டாம் என்று நிதானமாகச் சொல்லும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்குத் தெரியாமல் அண்ணியோ மாமியோ எழுதி அனுப்பும் குறிப்பு, அவர் வீட்டுக்குப் பத்துத் தொலைபேசி அழைப்புகளையும் பத்து "ஏன்"களையும்தான் கொண்டுவரும். அவர் சம்மதித்து, தானே படித்துப் பார்த்த குறிப்பு மட்டுமே வெளியே போக வேண்டும்.

ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம்

பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்து, எவர் அடையாளமும் தெரியாதபடி ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். 1982-இல் பிறந்தவர். சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். இராஜபாளையத்தில் தாயாருடன் வசிக்கிறார். அவருடைய 24-ஆம் வயதில் தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்து 11 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2017-இல் மவுத்தானார். அதற்குள் தங்கைகள் இருவருக்கும் நிக்காஹ் முடிந்தது. தம்பி ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருக்கிறார். உறவினர் ஒருவர் எழுதி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் குறிப்பு இது:

"வயது 38. தொழுகை, ஓதல், நல்ல குணம், சமையல், தையல் தெரியும். குடும்பச் சூழ்நிலை காரணமாகத் திருமணம் தாமதமாகிவிட்டது. நல்ல வரன் அமையவில்லை. எந்த எதிர்பார்ப்பும் இல்லை. மறுமணமும் பரவாயில்லை."

இதில் பொய் என்று எதுவும் எழுதப்படவில்லை. ஆனாலும் இந்த வரிகள் எல்லாம் அவருக்கு எதிராகவே வேலை செய்கின்றன.

முதலில் வயது. எழுதிய வருடத்தில் அவருக்கு 38 தான். வாட்ஸ்அப்பில் போன குறிப்பு திரும்பி வருவதில்லை, ஐந்து வருடம் கழித்தும் சுற்றுகிறது. இப்போது அதைப் பார்த்துப் பேசும் குடும்பம் ஆதார் அட்டையில் 1982 என்று பார்த்ததும் வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டார்கள் என்று நினைக்கிறது. இதற்கு மருந்து எளிது. வயதை எழுதாமல் பிறந்த ஆண்டை எழுத வேண்டும், அடியில் குறிப்பு எழுதிய மாதத்தையும் ஆண்டையும் போட வேண்டும். வேண்டுமென்றே வயதைக் குறைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-இன்படி எந்த மதத்தாரின் திருமணமும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும், அதற்கு வயதுச் சான்று தேவை. மறைத்த வயது அங்கே வெளிப்படும். அப்போது அது நிக்காஹ் ஆன பிறகு வெளிப்பட்ட பொய்யாகிவிடும்.

அடுத்தது "குடும்பச் சூழ்நிலை". எழுதியவர் மரியாதை கருதி எழுதிய சொல்தான் இது. படிப்பவரோ அந்தச் சொல்லுக்குள் தனக்குத் தோன்றியதையெல்லாம் வைத்துப் பார்ப்பார்: வீட்டில் சண்டையா, காதல் விவகாரமா, நோயா, நின்றுபோன நிச்சயதார்த்தமா. ஊகத்துக்கு இடம் விட்டால் விசாரிப்பு தெருவில் நடக்கும், பக்கத்து வீட்டில் நடக்கும். உண்மைக் காரணமோ நாலு பேருக்கு முன் சொன்னாலும் தலை குனியத் தேவையில்லாதது.

மூன்றாவது "எந்த எதிர்பார்ப்பும் இல்லை". பணிவாக எழுதிய இந்த வரிதான் அதிகக் கெடுதல் செய்கிறது. எதிர்பார்ப்பு இல்லை என்று எழுதினால் எப்படிப்பட்ட அழைப்பும் வரும். அறுபதைத் தாண்டியவர், முதல் மனைவி உயிரோடிருக்க இரண்டாவதாகக் கேட்பவர், படுக்கையில் இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுபவர் என்று வரிசையாகப் பேசுவார்கள். பத்து அழைப்புக்குப் பின் அந்தச் சகோதரி நிக்காஹ் பேச்சையே வேண்டாம் என்பார். வீட்டாரோ "வந்ததையெல்லாம் தட்டிக்கழிக்கிறாள்" என்பார்கள். அதுவே அடுத்தவர் கேட்கும் "ஏன்" என்பதற்கு ஊரார் சொல்லும் பதிலாகிவிடும்.

இப்போது அதே சகோதரிக்குத் திருத்திய குறிப்பு:

"பிறந்த ஆண்டு 1982. பி.காம். இராஜபாளையத்தில் வசிக்கிறார், தனியார் நிறுவனத்தில் கணக்கர். இது முதல் நிக்காஹ். தகப்பனார் பக்கவாதத்தில் 11 ஆண்டுகள் படுக்கையில் இருந்து 2017-இல் காலமானார், அவரைக் கவனிக்கும் பொறுப்பு இவருடையதாக இருந்தது. தாயார் (70) உடன் இருக்கிறார், நிக்காஹ்வுக்குப் பின்னும் தாயாரைக் கவனிக்க விரும்புகிறார். வேலையைத் தொடர விரும்புகிறார். 42 முதல் 52 வயது வரை, மணமாகாதவர் அல்லது மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இருந்தாலும் சம்மதம். மனைவி உள்ளவர்கள் தயவுசெய்து தொடர்புகொள்ள வேண்டாம். பேச வேண்டியவர்: சகோதரர், ஸ்ரீவில்லிபுத்தூர். எழுதிய மாதம்: அக்டோபர் 2025."

சமையலும் தையலும் நல்ல குணமும் இதில் இல்லை. அவற்றை எல்லாக் குறிப்பும் எழுதுகிறது, யாரும் அதைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முடிவு செய்ய உதவுபவை தாயார் எங்கே இருப்பார், வேலை தொடருமா, பிள்ளைகள் இருக்கலாமா என்பவை. நாற்பது வயதில் கட்டப்படும் குடும்பம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இரண்டு வாழ்க்கைகளைச் சேர்ப்பது. இருபது வயதுப் பெண்ணுக்கு இந்த மூன்று கேள்வியும் பெரும்பாலும் எழுவதில்லை. இங்கே இவைதான் முதல் கேள்விகள்.

அந்த ஒரு வரி

காரணம் சொல்லும் வரியை எழுதிய பின் நான்கு விதமாகச் சோதித்துப் பார்க்கலாம். அது உண்மையா? நடந்து முடிந்ததா, இன்னும் நீடிப்பதா? யார் மீதாவது பழி சொல்கிறதா? படித்த பின் அடுத்த கேள்வி தானாக எழுகிறதா?

மேலே உள்ள வரி உண்மை. 2017 என்ற ஆண்டு இருப்பதால் அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது என்பதும் தெரிகிறது. "அண்ணன்மார் கவனிக்கவில்லை", "சித்தப்பா வந்த வரனைக் கெடுத்துவிட்டார்" என்றெல்லாம் எழுதினால் அது உண்மையாகவே இருந்தாலும் புறம் பேசுவதாகும். பெண் கேட்டு வரும் குடும்பம் இதே சித்தப்பாவோடு நாளை சம்பந்தியாகப் பழக வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆண்களுக்கும் இதே சோதனைதான். 44 வயதுச் சகோதரர் ஒருவர், 16 ஆண்டுகள் வளைகுடாவில் ஓட்டுநர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. பெண் பார்த்துப் பேசி முடிப்பதற்குள் விமானம் ஏற வேண்டிய நாள் வந்துவிடும். மணமாகாத ஆண் என்றால் ஊர் சந்தேகிப்பது குடி, கெட்ட சகவாசம், உடல் குறை ஆகியவற்றை. "16 ஆண்டுகள் வெளிநாட்டில் வேலை, 2022 முதல் ஊரில் சொந்த வாகனம் ஓட்டுகிறார், திரும்பப் போகும் எண்ணம் இல்லை" என்ற வரி அந்தச் சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை. கடைசியாகச் சேர்த்த "திரும்பப் போகும் எண்ணம் இல்லை" என்பது பெண் வீட்டாருக்கு மிகவும் தேவையான தகவலும் கூட.

சொல்லும்படியான காரணமே இல்லாதவர்களும் உண்டு. பார்த்தார்கள், பொருந்தவில்லை, வருடங்கள் ஓடிவிட்டன. இதற்காக ஒரு கதையைத் தேட வேண்டியதில்லை. "வந்த சில வரன்கள் பொருந்தி வரவில்லை. இது முதல் நிக்காஹ்" என்று எழுதினால் போதும். அதுவும் முழுமையான பதில்தான்.

"முதல் நிக்காஹ்" என்ற சொல்லில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். நிச்சயதார்த்தம் நடந்து நின்றுபோயிருந்தால் அது நிக்காஹ் அல்ல, முதல் நிக்காஹ் என்று எழுதுவது உண்மையே. ஆனால் நிக்காஹ் ஓதப்பட்டு, பெண் கணவன் வீட்டுக்குப் போகும் முன்பே தலாக்கிலோ குல்உவிலோ முடிந்திருந்தால் அது நடந்த நிக்காஹ்தான். ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழவில்லை என்ற காரணத்தால் பல குடும்பங்கள் இதை விட்டுவிடுகின்றன. ஜமாஅத் பதிவேட்டில் அது இருக்கும். வேறு மஹல்லாவில் நிக்காஹ் நடக்கும்போது நம் ஊர்ப் பக்க ஜமாஅத்துகள் பொதுவாகத் தரும் தடையில்லாக் கடிதத்தில், இது முதல் திருமணமா மறுமணமா என்று எழுதப்படும். அந்தக் கடிதம் உண்மையில் மணமாகாதவருக்குத்தான் பெரிய உதவி. ஊர் எதைப் பேசினாலும், ஒளித்துவைத்த பழைய நிக்காஹ் எதுவும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பேச்சு தொடங்கும் முன்பே முத்தவல்லியிடம் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

குறிப்பில் வராதவை

உண்மையாக எழுதுவது என்றால் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதுவது என்று பொருள் அல்ல. விஷயங்களை மூன்று படியாகப் பிரித்துக்கொள்ளலாம். யார் கைக்கும் போகும் குறிப்பில் எழுதுபவை முதல் படி. இரு வீட்டாரும் பேசத் தொடங்கிய பின் வலீ வாய்மொழியாகச் சொல்பவை இரண்டாவது. மணமக்களாகப்போகும் இருவரும் மஹ்ரமுடன் சந்திக்கும்போது பேசிக்கொள்பவை மூன்றாவது.

புகைப்படமும் வீட்டு முகவரியும் சம்பளத் தொகையும் முதல் படியில் வேண்டாம். நாற்பதைக் கடந்த பெண்ணின் படம் குழுக்களில் சுற்றினால் அதன் கீழ் எழுதப்படும் கேலியை அவருடைய தம்பி மகன் படிக்க நேரிடும்.

உடல்நலம் இரண்டாவது படியைச் சேர்ந்தது. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ தைராய்டோ இந்த வயதில் பலருக்கும் உண்டு. மாத்திரை சாப்பிடுவதை நிக்காஹ்வுக்குப் பின் அலமாரியில் கண்டுபிடிக்கும் நிலையை ஏற்படுத்தக் கூடாது. இல்லறத்தைப் பாதிக்கக்கூடிய நோய் என்றால் பேச்சு உறுதியாகும் முன்பே சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வந்து முற்றிலும் குணமாகி, இனி வாழ்க்கையைத் தொடாத ஒன்றைத் தேடி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நின்றுபோன நிச்சயதார்த்தமும் அப்படியே. கேட்டால் "பேசினோம், நின்றுவிட்டது" என்றால் போதும். எதிர்த்தரப்பாரின் குறைகளை விவரிப்பது இமாம் நவவீ காட்டிய எல்லையைத் தாண்டுவதாகும்.

குழந்தை பற்றிய பேச்சு மூன்றாவது படி. அதை இருவரும் நேராகப் பேசிக்கொள்ள வேண்டும், பெரியவர்கள் மூலம் சுற்றிவளைத்து வரக் கூடாது. 40-க்கு மேல் பெண்ணுக்கு இயற்கையாகக் கரு உண்டாகும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது, கருச்சிதைவு கூடுகிறது. கணவன் மனைவிக்கு இடையே மட்டும் செய்யும் செயற்கைக் கருத்தரிப்பை உலமாக்கள் பலர் அனுமதிக்கிறார்கள். 2021-இல் வந்த மத்தியச் சட்டம் அந்தச் சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று மேல் வயது வைத்திருக்கிறது. 43 வயதிலும் எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. "குழந்தை இல்லாவிட்டாலும் எனக்குச் சம்மதம்" என்று ஆண் சொல்கிறாரா, அல்லது நிச்சயம் வேண்டும் என்கிறாரா என்பது நிக்காஹ்வுக்கு முன்பே தெரிந்துவிட வேண்டும்.

தாயாரைத் தன்னோடு வைத்துக்கொள்வதையும் வேலையைத் தொடர்வதையும் இருவரும் ஒப்புக்கொண்டால் வாய்ப்பேச்சாக விடாமல் மஹர் எழுதும் அன்றே எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆறு மாதத்தில் "அப்படி யார் சொன்னது?" என்று ஆரம்பிக்கும் சண்டைகள் இந்த இரண்டைச் சுற்றித்தான் வருகின்றன.

யார் பேசுவது?

குறிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் தொலைபேசியில் அது உடைந்துபோகும். தம்பி ஒரு காரணம் சொல்வார், மாமி வேறொன்று சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். மூன்று காரணம் கேட்டவர் மூன்றும் பொய் என்று முடிவு கட்டுவார். அதனால் குறிப்பில் ஒரே ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும், அது வலீயாக நிற்கத் தகுதி உள்ளவருடையதாக இருக்கட்டும். தகப்பனும் பாட்டனாரும் இல்லாத பெண்ணுக்கு உடன்பிறந்த சகோதரர் அடுத்தவர். அவருக்குப் பின் சகோதரரின் மகன், அதன்பின் தகப்பனின் உடன்பிறந்தார். ஷாஃபிஈ மத்ஹபில் வலீ இல்லாமல் நிக்காஹ் செல்லாது. ஹனஃபீ மத்ஹபில் பருவமடைந்த பெண்ணின் சம்மதமே போதும் என்றாலும் நம் ஊர் வழக்கத்தில் வலீயே முன்னின்று பேசுகிறார். தாய்மாமனோ அக்காள் கணவரோ எவ்வளவு அக்கறையோடு ஓடினாலும் வலீ ஆகமாட்டார். கடைசியில் வலீயிடம் பேச்சு போகும்போது அவர் "எனக்கு எதுவும் தெரியாது" என்றால் எல்லாம் நின்றுவிடும். குறிப்பில் உள்ள அதே ஒரு வரியை அவரும் சொல்ல வேண்டும், வீட்டார் அனைவரும் அதையே சொல்ல வேண்டும்.

வரன் பேச வராதவர்கள் கேட்கும் "ஏன்" தனி. சூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆவது வசனம் ஊகத்தையும், துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் அடுத்தடுத்துத் தடுக்கிறது. வலீமா பந்தியில் கேட்கப்படும் "ஏம்மா, இன்னும் ஒண்ணும் அமையலையா?" பெரும்பாலும் இந்த மூன்றிலும் ஒரே மூச்சில் நுழைந்துவிடுகிறது. அவர்களுக்கு விளக்கம் சொல்லக் கடமை இல்லை. "வரன் இருந்தா என் தம்பிகிட்ட பேசுங்க பெரியம்மா" என்றால் போதும். உண்மையில் வரன் தெரிந்தவர் தம்பியின் எண்ணைக் கேட்பார், மற்றவர் பேச்சை மாற்றுவார்.

சூரத்துந் நூரின் 32-ஆவது வசனம் துணையற்றவர்களுக்கு மணமுடித்து வைக்கச் சொல்வது சமுதாயத்தைப் பார்த்துத்தான். அந்த வசனத்தில் வரும் அயாமா என்ற சொல்லில் மணமாகாத ஆண், பெண், கணவனை இழந்தவர், மனைவியை இழந்தவர் எல்லாரும் அடங்குவர். வயது வரம்பு அதில் இல்லை.

நம் அலுவலகத்தில் குறிப்பு கொடுக்க வருபவர்கள் வயதுச் சான்று, ஜமாஅத் கடிதம், வலீயின் தொலைபேசி எண் மூன்றையும் கொண்டுவரவும். குறிப்பின் அடியில் சம்பந்தப்பட்டவரே கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் இல்லாத குறிப்பை, கொடுத்தவர் பெற்ற தாயாக இருந்தாலும், பதிவேட்டில் சேர்ப்பதில்லை. ஓராண்டு ஆனதும் பழைய குறிப்பை நீக்கிவிட்டுப் புதிய தேதியுடன் திருத்தி எழுதித் தரும்படி அழைத்துச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.